ஒரு டி.எஸ்.எச். டெஸ்ட்டின் அடக்கம் என்ன?

சிறிய ஊரில் லேப் வைத்திருப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே எண்தான் பதிலாக வரும். அந்த எண் ஏன் போதாது என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். கணக்குக்காக ஒரு லேப்பை எடுத்துக்கொள்கிறேன். தைராய்டு பார்க்க 6 லட்ச ரூபாய் மெஷின், ஒரு டெக்னீஷியன், மாதம் 25 வேலை நாள், நாளுக்கு 6 பேர் வீதம் மாதம் 150 பேர். கட்டணம் 200 ரூபாய். உங்கள் லேப்பின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

நம்பிக்கை 1: நூறு டெஸ்ட் கிட் 6,000 ரூபாய். ஆகவே அடக்கம் 60 ரூபாய்.

உண்மை: நூறு டெஸ்ட் கிட்டிலிருந்து நூறு நோயாளிகளுக்கு ரிப்போர்ட் கொடுக்க முடியாது. நோயாளியின் ரத்தத்தை ஓட்டுவதற்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை ஓட்டி, மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்த அளவு ஒன்று, கூடிய அளவு ஒன்று என நாளுக்கு இரண்டு ஓட்டினால் மாதம் 50 டெஸ்ட். கேலிபிரேஷனுக்கு 4, சந்தேகம் வந்து மறுபடி ஓட்டியவை 6. ஆக, 150 பேருக்கு 210 டெஸ்ட்டுக்கான ரீஏஜென்ட் செலவாகிறது. அது 12,600 ரூபாய்; ஆளுக்கு 84. கன்ட்ரோல் சீரத்தின் விலையில் ஆளுக்கு 10, ஊசிக்கும் டியூபுக்கும் 12. அறுபது என்று நினைத்தது 106 ஆகிவிட்டது.

அரிதாகக் கேட்கப்படும் டெஸ்ட்டில் இது இன்னும் மோசம். மூடி திறந்த ரீஏஜென்ட்டுக்கு மெஷினுக்குள் சில வாரங்கள்தான் ஆயுள். கிட் பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி அப்போது உதவாது. 5,000 ரூபாய் கிட்டைத் திறந்து, அந்த ஆயுளுக்குள் 8 பேருக்குத்தான் பார்த்தோம் என்றால், மிச்சம் குப்பைக்குப் போகும். ரீஏஜென்ட் மட்டுமே ஆளுக்கு 625 ரூபாய்.

நம்பிக்கை 2: மெஷினுக்குப் பணம் கட்டி முடித்தாயிற்று. இனி அதற்குச் செலவில்லை.

உண்மை: ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால், 6 லட்ச ரூபாய் மெஷின் மாதம் 10,000 ரூபாய் தேய்கிறது. கல்லாவிலிருந்து யாரும் அதை எடுத்துப் போவதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. ஐந்தாம் வருடம் புது மெஷின் வாங்கக் கையில் பணம் இல்லாதபோதுதான் தெரியும். வருமான வரிக் கணக்கில் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம், மீதி மதிப்பின் மேல் கழிப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஐந்து வருடம் கழித்தும் ஏட்டில் 2.66 லட்சம் மிச்சம் இருக்கும். ஆனால் உதிரிப் பாகம் கிடைக்காமல் போன மெஷினை அந்த விலைக்கு யார் வாங்குவார்? வரிக்கான தேய்மானம் வேறு, அடக்கத்துக்கான தேய்மானம் வேறு.

"கம்பெனி மெஷினை இலவசமாக வைத்திருக்கிறது" என்றாலும் தேய்மானம் மறைவதில்லை. அது கிட் விலைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மாதம் இத்தனை கிட் எடுத்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்த வரியையும் தேடிப் பாருங்கள்.

நம்பிக்கை 3: மொத்தச் செலவை ஆட்களால் வகுத்து, அதற்கு மேல் விலை வைத்தால் நஷ்டம் வராது.

உண்மை: தேய்மானம் 10,000, பராமரிப்பு ஒப்பந்தம் 2,500, கரன்ட், யு.பி.எஸ். வகையில் 1,500, டெக்னீஷியனின் 18,000 சம்பளத்தில் இந்த மெஷினோடு போகும் மூன்றில் ஒரு பங்கு 6,000. கூட்டினால் 20,000 ரூபாய். யாரும் வராவிட்டாலும் இது ஆகும். 150 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 133; முன்னே பார்த்த 106-ஐயும் சேர்த்தால் அடக்கம் 239. மாத வரவு 30,000, செலவு 35,900. ஒரு டெஸ்ட்டுக்கு 140 ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில் ஏறக்குறைய 39 ரூபாய் நஷ்டம்.

உடனே விலையை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் ஆட்கள் குறைவார்கள். மாதம் 100 பேராகிவிட்டால் அதே கணக்கு 320 ரூபாயைத் தாண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். இன்னும் சிலர் போவார்கள்.

கணக்கை வேறு விதமாகப் பிரிக்க வேண்டும். காலை ஏழு முதல் பதினொன்று வரைதான் பெரும்பாலான சாம்பிள் வருகிறது, ரத்தம் எடுப்பவரும் மெஷினை ஓட்டுபவரும் ஒருவரே என்பதையெல்லாம் கழித்தாலும், இந்த லேப் நாளுக்கு 24 பேருக்குப் பார்க்கலாம், மாதம் 600. அந்த 20,000-ஐ 600-ஆல் வகுத்தால் 33. ஒரு டெஸ்ட் உண்மையில் பயன்படுத்திக்கொண்டது 106-ம் 33-ம் சேர்ந்து 139 ரூபாய். மீதி 15,000 ரூபாய் சும்மா கிடக்கும் மெஷினுக்கும் சும்மா இருக்கும் நேரத்துக்கும் ஆன செலவு. அதை நோயாளியின் பில்லில் ஏற்றாமல், ஏட்டில் தனி வரியாக எழுதுங்கள். எழுதினால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

நம்பிக்கை 4: பெரிய லேப் 120 ரூபாய்க்குச் செய்து தருகிறது. நமக்கு 239 ஆகிறது. அனுப்பிவிடுவதே லாபம்.

உண்மை: மெஷின் வாங்கியாகிவிட்டது என்றால் அனுப்புவதால் எது நிற்கும் என்று மட்டும் பாருங்கள். ரீஏஜென்ட்டும் கன்ட்ரோலும் நிற்கும். அது 94 ரூபாய். ஊசியும் டியூபும் எப்படியும் வேண்டும். சம்பளமும் தேய்மானமும் நிற்காது. பராமரிப்பிலும் கரன்ட்டிலும் கொஞ்சம் மிஞ்சலாம். ஆனால் ஆறு லட்சம் முடங்கிக் கிடக்கும். 94 ரூபாயை மிச்சம் பிடிக்க 120 கொடுப்பது சரியில்லை.

இன்னும் வாங்கவில்லை என்றால் பதில் தலைகீழ். டெக்னீஷியன் எப்படியும் இருப்பார் என்பதால் அவர் சம்பளத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், நாளுக்குச் சுமார் 13 பேர் வந்தால்தான் சொந்த மெஷின் 120 ரூபாய்க்கு ஈடுகொடுக்கும். ஆறு பேருக்காக மெஷின் வாங்கக் கூடாது.

நம்பிக்கை 5: தினமும் கன்ட்ரோல் ஓட்டுவது வீண் செலவு. அதைக் குறைத்தால் லாபம்.

உண்மை: நெருக்கடி வந்ததும் முதலில் கை வைக்கப்படுவது இதில்தான். அதனால் ரீஏஜென்ட்டில் மிஞ்சுவது மாதம் 3,000 ரூபாய். மெஷின் மெல்ல வழி தவறினால் சொல்ல ஆளிருக்காது. டி.எஸ்.எச். கூடுதலாகக் காட்டினால் டாக்டர் தைராக்சின் மாத்திரையின் அளவை ஏற்றுவார். தேவையில்லாத மருந்தால் ஒருவருக்கு நெஞ்சு படபடக்கும்.

ஓட்டை அந்த 15,000 ரூபாய் வரியில் இருக்கிறது. இன்னும் ஒரு சாம்பிள் கூடுதலாக வந்தால், மறு ஓட்டத்தையும் சேர்த்து ஆகும் ரீஏஜென்ட் 62 ரூபாய்தான். கன்ட்ரோல் அன்று காலையே ஓட்டியாகிவிட்டது, சம்பளமும் கொடுத்தாகிவிட்டது. மெஷின் இல்லாத பக்கத்து லேப்களிலிருந்து நாளுக்கு 10 சாம்பிளை 120 ரூபாய்க்கு வாங்கிச் செய்தால், ஒவ்வொன்றிலும் 58 ரூபாய் வீதம் மாதம் 14,000-க்கு மேல் நிற்கும். 5,900 ரூபாய் நஷ்டம் 8,500 ரூபாய் லாபமாகிவிடும். நோயாளியின் கட்டணத்தில் ஒரு ரூபாய் ஏறாமல், ஒரு கன்ட்ரோலும் குறையாமல்.