பெரும்பாட்டின் இரும்புக் கணக்கு

மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் நாள் கணக்கைத்தான் சொல்வார்கள். "அஞ்சு நாள்தான், நார்மல்தான்" என்று பேச்சு முடிந்துவிடும். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. ஐந்தே நாளில் உடம்பின் இரும்பைக் கரைக்கிற போக்கும் உண்டு. ஏழு நாள் சொட்டுச் சொட்டாகப் போய் பெரிதாக எதையும் இழக்காதவர்களும் உண்டு. 1960-களில் ஸ்வீடனில் நாப்கின்களைச் சேகரித்து, அவற்றிலிருந்த ரத்தத்தை ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள். ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டியவர்களிடம் ரத்தசோகை வெகுவாகக் கூடியிருந்தது. வீட்டில் யாரும் மில்லி கணக்கில் அளக்கப் போவதில்லை. அதனால் நாப்கினையும் கட்டியையும் தூக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, ஒன்று போதாமல் இரண்டை வைத்துக்கொள்வது, இரவில் மாற்றுவதற்கென்றே எழுந்திருப்பது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, ஏழு நாளைத் தாண்டுவது: இவற்றில் ஒன்று மாதாமாதம் நடந்தாலே அது பெரும்போக்குதான். கட்டிக்குத் தனி அர்த்தம் உண்டு. கர்ப்பப்பையிலிருந்து இறங்கும் ரத்தம் உறையாமல் இருக்க அங்கேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கு அவகாசம் தராத வேகத்தில் ரத்தம் கொட்டினால்தான் பெரிய கட்டிகள் உருவாகின்றன.

80 மில்லி என்றால் அரை டம்ளருக்கும் குறைவு, அதற்கா இத்தனை பயம் என்று கேட்கலாம். இரும்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஹெச்பி 12 உள்ள பெண்ணின் ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லி போனால் 32 மில்லிகிராம். அதை 28 நாளுக்குப் பகிர்ந்தால் தினம் 1.1 மில்லிகிராம் இழப்பு. தோல், குடல் வழியாக எல்லோருக்கும் போகும் 0.8-ஐயும் சேர்த்தால் தினம் சுமார் 2 மில்லிகிராம் உள்ளே வந்தாக வேண்டும். சோறு, சாம்பார், பொரியல் என்று சாப்பிடும் பெண்ணுக்கு ஒரு நாளில் 15 மில்லிகிராம் இரும்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் சாப்பாட்டில் அதில் 8 சதவீதம் போல்தான் உடம்பில் ஒட்டும், அதாவது 1.2. தினமும் 0.7 அல்லது 0.8 பற்றாக்குறை, மாதத்துக்கு 20 மில்லிகிராம் போல. சேமிப்பில் 300 மில்லிகிராம் இருந்தாலும் ஒன்றேகால் வருடத்தில் காலி. சேமிப்பு குறையக் குறைய குடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இது இன்னும் மெதுவாக நடக்கும். போகும் திசை மட்டும் மாறாது. முருங்கைக்கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். 100 கிராம் கீரையில் 4, 5 மில்லிகிராம் இரும்பு, ஒட்டுவது 0.4-க்குள். கீரை நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் மாதம் 80 மில்லி வெளியேறும் உடம்பை அது ஈடுகட்டாது.

அடுத்த ஆட்சேபம் படித்தவர்களிடமிருந்தே வரும்: "ஹெச்பி பார்த்தேன், 12 இருக்கு, அப்புறம் என்ன?" அந்த எண் கடைசியாகத்தான் இறங்கும். உடம்பு முதலில் சேமிப்பைச் செலவழித்து ஹெச்பியைக் காப்பாற்றுகிறது. சேமிப்பைக் காட்டும் பரிசோதனை ஃபெரிட்டின். ஹெச்பி 12.1, ஃபெரிட்டின் 9 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், ரத்தசோகை இல்லை என்று எழுதிக் கொடுப்பது எழுத்தளவில் சரி. ஆனால் அந்தப் பெண்ணிடம் இரும்பு இல்லை. 15-க்குக் கீழே போனாலே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பல மருத்துவர்கள் 30-லேயே உஷாராகிறார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், உடம்பு தேறிய பிறகு பார்ப்பது நல்லது. ரிப்போர்ட்டுக்கு முன்பே உடம்பும் சொல்லும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, படுத்தால் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது எல்லாம் அதில் சேர்த்தி. ஆனால் இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. நான் அதிகம் நம்பும் அறிகுறி, பச்சரிசியையோ ஐஸ் கட்டியையோ சாம்பலையோ தின்றே ஆக வேண்டும் என்ற ஆசை. அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுகிறோமே தவிர, ஃபெரிட்டின் பார்ப்பதில்லை.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், அக்காவுக்கும் இப்படித்தான்" என்பது மிகவும் ஆறுதலான வாதம், மிகவும் ஆபத்தானதும் அதுதான். குடும்பத்தில் எல்லோருக்கும் அதிகமாகப் போகிறது என்றால், குடும்பத்தில் ஏதோ ஒன்று இறங்கி வருகிறதா என்றுதான் கேட்க வேண்டும். ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் ஒரு பரம்பரை ரத்தக்கசிவு நோயை விவரித்தார். அவர் ஆராய்ந்த ஆலந்து தீவுக் குடும்பத்தின் சிறுமி ஒருத்தி, பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயிலேயே ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். அவர் பெயரிலேயே இன்று வழங்கும் அந்த நோய் பெரும்பாலும் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. மிதமாக இருப்பதாலேயே கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. வயதுக்கு வந்ததிலிருந்தே அதிகப் போக்கு, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காதது, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போவது, பிரசவத்தில் மிகுதியான ரத்தப்போக்கு: இவை சேர்ந்திருந்தால் ரத்த உறைவுப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாதம் மாறும்: "நிக்கப் போற நேரம், அப்படித்தான் போகும்." சுழற்சி ஒழுங்கில்லாமல் போவது அந்த வயதுக்கு இயல்புதான். ஆனால் நார்க்கட்டியும், கர்ப்பப்பைச் சுவர் தடித்து வலியோடு கொட்டும் அடினோமயோசிஸும் தலைகாட்டுவது அதே வயதில்தான். உள்வரிச் சவ்வில் புற்றுநோய்க்கான வாய்ப்பும் வயதோடு கூடும். அதனால்தான் 45-க்கு மேல் புதிதாகப் போக்கு அதிகமானால், ஸ்கேனோடு நிற்காமல் அந்தச் சவ்வில் சிறிது எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. முற்றிலும் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அப்படியே. இளம்பெண்களிடம் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, தைராய்டு, பிசிஓடி, சமீபத்தில் போட்ட காப்பர் டி என்று தேடலாம். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்து, கூடவே தலைசுற்றலும் படபடப்பும் வந்தால் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இரும்பு மாத்திரை பற்றியும் ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹெச்பி ஒன்று, இரண்டு புள்ளி ஏறும். ஏறியதும் நிறுத்திவிடுகிறோம், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும் என்பது தெரியாமல். அப்படித் தொடர்ந்து நிறுத்திய பிறகும் ஆறு மாதத்தில் எண் பழைய இடத்துக்கே வந்தால், குறை மாத்திரையில் இல்லை, ரத்தம் போகும் காரணம் அப்படியே இருக்கிறது. அப்போது அடுத்த பட்டையை வாங்குவதைவிட, மூன்று மாதவிடாய்க்கு எந்த நாளில் எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது, கட்டி எந்த அளவு என்று காலண்டரிலேயே குறித்து, பழைய ரிப்போர்ட்டுகளோடு மகப்பேறு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது பலன் தரும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் என்று வழிகள் இருக்கும்போது, முதல் சந்திப்பிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் என்னவென்று கேட்டுவிட்டு, இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.