முறையீட்டு மடல்: சீரமைப்புப் பணியில் குறை

நுழையும்முன்

குறை கண்டவர் சினத்தோடு எழுதும் மடல் சினத்தை மட்டுமே பெறுநரிடம் சேர்க்கும். கண்டதை அளந்து, ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு எழுதும் மடலோ மறுமொழி கூறும் பொறுப்பைப் பெறுநர்மேல் வைக்கும். வீட்டுச் சீரமைப்பில் நேர்ந்த குறையைச் சரிசெய்து தருமாறோ, அதற்காகும் செலவைத் தருமாறோ ஒப்பந்தக்காரருக்கு மடல் எழுதும் முறையை இப்பகுதி விளக்குகிறது.

சட்டம் கூறும் எடுத்துக்காட்டு

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் தரவேண்டிய இழப்பீட்டைப் பற்றியது. அப்பிரிவின்கீழ் உள்ள எடுத்துக்காட்டுகளுள் ஒன்று வீடு பழுதுபார்த்தலைப் பற்றியதாகும். ஒருவருடைய வீட்டைக் குறிப்பிட்ட முறையில் பழுதுபார்ப்பதாக மற்றொருவர் ஒப்புக்கொண்டு முன்பணமும் பெறுகிறார். பணியையும் முடிக்கிறார், ஆனால், ஒப்புக்கொண்ட முறைப்படி முடிக்கவில்லை. அந்நிலையில், பணியை ஒப்பந்தத்திற்கு இணங்கச் செய்ய ஆகும் செலவை வீட்டுக்காரர் அவரிடமிருந்து பெறலாம் என்கிறது சட்டம்.

மடலின் அளவுகோல் இதிலிருந்து கிடைக்கிறது. கேட்கத்தக்கது, ஒப்பந்தத்தில் உள்ளபடி பணியை ஆக்குவதற்கான செலவு. சாதாரணத் தட்டோட்டுக்கு ஒப்பந்தம் செய்துவிட்டு, இப்போது விலை மிகுந்த ஓடு பதிக்க விரும்பினால் அந்தக் கூடுதல் செலவு வீட்டுக்காரரையே சாரும். குறையினால் இயல்பாக விளைந்த சேதத்தைக் கேட்கலாம். ஆனால், கசிவைக் கண்டபின்னும் தடுக்க இயன்றதைச் செய்யாமல் இருந்து, அதனால் பெருகிய சேதத்தைக் கேட்பது கடினம். இழப்பைக் குறைப்பதற்கு இருந்த வழிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது.

ஒரு நிகழ்வு

கோவை சிங்காநல்லூரில் ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். அதன் மொட்டைமாடியில் இருந்த பழைய தட்டோடுகளைப் பெயர்த்து, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளம் இட்டு, புதிய தட்டோடு பதிக்க ஒப்பந்தமாயிற்று. மழைநீர்க் குழாயை நோக்கி 100 செ.மீ. நீளத்திற்கு 1 செ.மீ. சரிவு அமைய வேண்டும் என்பதும், கைப்பிடிச்சுவரும் தளமும் கூடுமிடத்தை நீர்புகாவண்ணம் பூசவேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன. ஜூலையில் பணி முடிந்தது. பணமும் முழுமையாகத் தரப்பட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் படுக்கையறைக் கூரையில் ஈரக்கறை தோன்றியது.

கறையைக் கண்டவுடன் ஒப்பந்தக்காரரைக் குறைகூறுதல் முறையன்று. மேல்நிலைத் தொட்டியின் குழாயில் கசிவு இருந்தாலும் இதே கறை தோன்றும். மழையில்லாத நாள்களிலும் கறை ஈரமாகவே இருந்தால் குழாயை ஐயுற வேண்டும். மழைக்குப் பின்னர் மட்டும் பரவினால் தளத்தை ஆராய வேண்டும். இவ்வீட்டில் மழைக்குப் பின்னரே கறை பரவியது.

அடுத்து, வேறொரு கட்டடப் பொறியாளர் நீர் நிரப்பிய மட்டக்குழாயைக் கொண்டு சரிவை அளந்தார். கைப்பிடிச்சுவரிலிருந்து மழைநீர்க் குழாய்வரை உள்ள தொலைவு 4 மீட்டர். ஒப்பந்தப்படி 4 செ.மீ. சரிவு இருக்க வேண்டும். இருந்ததோ 1 செ.மீ. மழை நின்று ஒரு நாள் கழிந்த பின்னும் மேற்கு மூலையில் நீர் தேங்கியிருந்தது. அவ்விடத்தில் சுவரும் தளமும் கூடுமிடத்தில் பூச்சு விரிசல் விட்டிருந்தது. இவற்றையெல்லாம் அளவுகோலை அருகில் வைத்து, நாளிட்டு ஒளிப்படம் எடுத்துக்கொண்டனர்.

இந்நிலையில் வேறு ஆளை வைத்துத் தளத்தைப் பெயர்த்துவிட்டால் சான்று அழிந்துவிடும். ஒப்பந்தக்காரருக்குப் பார்வையிடும் வாய்ப்பும் இல்லாமற்போகும். எனவே, கசியும் இடத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு மடல் எழுதுவதே முறை.

மாதிரி மடல்

அனுப்புநர்
அஅஅஅஅ,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்
கட்டட ஒப்பந்தக்காரர் அவர்கள்,
ஆஆஆஆஆ,
கோயம்புத்தூர்.

ஐயா,

பொருள்: மொட்டைமாடித் தளப் பணியில் உள்ள குறையைச் சரிசெய்து தருதல் அல்லது அதற்கான செலவை அளித்தல் – தொடர்பாக.
பார்வை: 03.06.2024 நாளிட்ட பணி ஒப்பந்தம்.

வணக்கம். மேற்கண்ட ஒப்பந்தப்படி எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தாங்கள் மேற்கொண்ட பணி 06.07.2024 அன்று முடிந்தது. ஒப்பந்தத் தொகையான ரூ.1,68,000 முழுவதையும் செலுத்தி, பற்றுச்சீட்டும் பெற்றுள்ளேன்.

12.10.2024 அன்று பெய்த மழைக்குப் பின் படுக்கையறைக் கூரையில் நீர்க்கசிவு ஏற்பட்டது. 14.10.2024 அன்று தங்களிடம் தொலைபேசியில் தெரிவித்தேன். பின்னர்ப் பொறியாளர் ஒருவர் அளந்து பார்த்ததில் கீழ்க்காணும் குறைகள் தெரியவந்தன.

1. மேற்குப் பகுதியில் 4 மீட்டர் நீளத்திற்கு 4 செ.மீ. இருக்கவேண்டிய சரிவு 1 செ.மீ. அளவே உள்ளது. அங்கு நீர் தேங்குகிறது.
2. அப்பகுதியில் கைப்பிடிச்சுவரும் தளமும் கூடுமிடத்தில் பூச்சு விரிசல் விட்டுள்ளது.

தாங்கள் 26.10.2024ஆம் நாளுக்குள் நேரில் பார்வையிட்டு, மழையையும் தீபாவளி விடுமுறையையும் கருதி 30.11.2024ஆம் நாளுக்குள் இக்குறைகளையும் கூரைச் சேதத்தையும் தங்கள் செலவில் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வாறு செய்ய இயலாதெனில், வேறொருவரைக் கொண்டு சரிசெய்ய ஆகும் ரூ.46,500 தொகையை அந்நாளுக்குள் அளிக்க வேண்டுகிறேன். மேற்குப் பகுதித் தளத்தை மீண்டும் இட ரூ.31,000, சுவரோரப் பூச்சுக்கு ரூ.7,500, கூரைப் பூச்சுக்கும் வண்ணத்திற்கும் ரூ.8,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. இரண்டும் நிறைவேறாத நிலையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிட நேரும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அஅஅஅஅ.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 19.10.2024

இணைப்பு: ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, ஒளிப்படங்கள், பொறியாளர் குறிப்பு, செலவு மதிப்பீடு ஆகியவற்றின் நகல்கள்.

மடலில் நோக்கத்தக்கவை

இம்மடலில் “தரமற்ற வேலை”, “ஏமாற்று” போன்ற சொற்கள் இடம்பெறவில்லை. தரமற்றது என்பது கருத்து. அதனை எளிதில் மறுத்துவிடலாம். நான்கு செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று உள்ளது என்பது செய்தி. மறுப்பவரும் வந்து அளந்தே மறுக்க வேண்டும்.

கோரிக்கைகள் இரண்டும் “அல்லது” என்னும் சொல்லால் இணைக்கப்பட்டுள்ளன. சரிசெய்தும் தரவேண்டும், பணமும் தரவேண்டும் என்று கேட்பது ஒரே இழப்பிற்கு இருமுறை ஈடு கேட்பதாகும். “விரைவில்” என்று எழுதாமல் நாள் குறித்திருப்பதால், கெடு தவறியது எப்போது என்பதில் ஐயம் எழாது. மூல ஆவணங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நகல்களையே இணைத்தல் வேண்டும். மடலைப் பெற்றதற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்பி, அதன் நகலையும் பாதுகாக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

வீடு கட்டித் தருதலும் நுகர்வோருக்கு அளிக்கும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் 1993ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையிடுவதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும். மடல் அனுப்பியதனால் மட்டும் இக்காலம் நீளாது.

கற்பவை கற்றபின்

1. “நீங்கள் போட்ட குளியலறைத் தரை படுமோசம். உடனே பணத்தைத் திருப்பித் தாருங்கள்.” – இத்தொடர்களை அளவும் நாளும் அமைந்த முறையீடாக மாற்றி எழுதுக.
2. மாதிரி மடலுக்கு ஒப்பந்தக்காரர், “கசிவு மேல்நிலைத் தொட்டியால் ஏற்பட்டது” என மறுமொழி அனுப்புகிறார். அதற்கு வீட்டுக்காரர் எழுதும் விடைமடலை வரைக.