பஜ்ஜி வண்டி: முதல் வாரக் கணக்கு

பழைய தள்ளுவண்டி கிடைத்தால் வாங்குங்கள். அச்சும் சக்கரமும் ஆடாமல் இருந்தால் போதும், தகரத்தைப் பிறகு மாற்றலாம். வணிக சிலிண்டருக்கான முன்பணத்தையும் வண்டிச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு சிலிண்டரைக் கடைக்கு வைக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, உள்ளாட்சியின் தெரு வியாபாரிச் சான்று இரண்டும் வேண்டும். செலவு சொற்பம், அலைச்சல்தான் அதிகம்.

கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூளை ஒரு வாரத்துக்கு வாங்கலாம். வாழைக்காய் அன்றன்றைக்கே.

பலர் விட்டுவிடுவது சேதாரக் கணக்கு. 100 பஜ்ஜிக்கு அடக்கம் 500 ரூபாய், அதில் 10 மிஞ்சிவிட்டது என்று வையுங்கள். விற்ற ஒவ்வொன்றின் அடக்கமும் 5 ரூபாய் அல்ல, சுமார் 5.56. கறுத்து, நுரைத்து, சீக்கிரம் புகையும் எண்ணெயும் சேதாரம்தான். அதைக் கொட்டும் செலவையும் அன்றே எழுதுங்கள்.