டை அவரிடம், லைன் நம்மிடம்: கோர்ட்டுக்கு இப்போதே போகலாமா?

கேள்வி: ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்குப் பிராக்கெட் சப்ளை செய்கிறேன். எங்களுக்குச் சொந்தமான 11 பிரஸ் டைகளை இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் பிரஸ் ஷாப்பில் கொடுத்து ஜாப் ஒர்க் வாங்கி வந்தோம். தரக் குறைபாட்டால் 18 லட்ச ரூபாய் பில்லை நிறுத்தி வைத்தோம். மார்ச்சிலிருந்து டைகளைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். இப்போது அந்த ஷாப்பில் இயந்திரங்களை விற்பதாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில், தகராறு வந்தால் சென்னையில் ஆர்பிட்ரேஷன் என்று இருக்கிறது. ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ்கூட இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன்பே கோர்ட்டை அணுக முடியுமா? டைகளின் மதிப்பு 1 கோடியே 35 லட்சம்.
(ஒரகடம் வாசகர்)

பதில்: முடியும். இந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்ததே சென்னையிலிருந்து போன ஒரு வழக்குதான். சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் என்.இ.பி.சி. இந்தியா மீது தொடர்ந்த வழக்கில், ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் கொடுக்காமல் இடைக்கால உத்தரவு கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, ஆர்பிட்ரேஷன் தொடங்கும் முன்பே மனு போடலாம். ஆனால் ஆர்பிட்ரேஷனுக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு உண்மையாகவே இருப்பதை நீதிபதி நம்ப வேண்டும். அதனால் மனு போடும் நாளிலேயே நோட்டீஸையும் அனுப்பி, அதன் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

எந்தக் கோர்ட் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். டைகள் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதால் காஞ்சிபுரம் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஆர்பிட்ரேஷனுக்கான இடம் சென்னை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால் சென்னைக் கோர்ட்டுக்கே அதிகாரம். மதிப்பு 1 கோடியைத் தாண்டுவதால் மனு சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவுக்குப் போகும்.

இனி, நீதிபதி முதலில் தேடப் போவது ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தை. நீங்கள் அனுப்பிய 4 பர்ச்சேஸ் ஆர்டர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றில், 'இத்துடன் இணைத்துள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரி முன்பக்கத்தில் இருக்கிறது. ஆர்பிட்ரேஷன் ஷரத்து நிபந்தனைத் தாளில் இருக்கிறது. பிரஸ் ஷாப் அதில் கையெழுத்துப் போடவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் கேட்கிறது. கடிதம், மின்னஞ்சல் பரிமாற்றமும் எழுத்துதான். ஆர்டரை ஏற்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலும், அந்த ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு அவர்கள் போட்ட பில்களும் போதுமான பலம். பர்ச்சேஸ் ஆர்டரோடு இணைந்த நிலையான நிபந்தனைகளைப் பொதுவாகச் சுட்டினாலே அதிலுள்ள ஆர்பிட்ரேஷன் ஷரத்தும் சேர்ந்து வரும் என்று 2018-ல் ஐநாக்ஸ் விண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு 'நிபந்தனைத் தாள் எங்களுக்கு வரவே இல்லை' என்றுதான் சொல்லும். அதனால் இணைப்புகளோடு போன அசல் மின்னஞ்சலைத் தேடி எடுங்கள்.

நான்காவது ஆர்டர்தான் எனக்குக் கவலை. பழைய ஆர்டர், ஒரே பக்கம். நிபந்தனைத் தாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. 11 டைகளில் 3 அந்த ஆர்டரின் கீழ் போனவை. அந்த மூன்றுக்கும் ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமே இல்லை என்று ஆகலாம்; அப்படியானால் 9-ஆம் பிரிவும் உதவாது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கலந்தால், எதிர்த்தரப்பு இந்த ஓட்டையைக் காட்டியே மற்ற எட்டையும் இழுத்தடிக்கும். பின்னால் போட்ட ரேட் காண்ட்ராக்ட் எதிலாவது அந்த 3 டைகளும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றுக்குத் தனியாக வணிக வழக்கு போட்டு, அதில் இடைக்கால உத்தரவு கேட்பதே நேர்மையான வழி.

ஷரத்தின் வாசகத்தையும் ஒருமுறை படியுங்கள். 'இரு தரப்பும் அப்படி முடிவு செய்தால் ஆர்பிட்ரேஷன்' என்பது போன்ற வாசகம் ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமே ஆகாது என்று 2007-ல் ஜகதீஷ் சந்தர் வழக்கில் தீர்ப்பானது. உங்கள் ஷரத்து 'தீர்க்கப்பட வேண்டும்' என்று உறுதியாகச் சொல்கிறது. அங்கே பிரச்சினை இல்லை.

அடுத்தது அவசரம். உங்கள் வரைவு மனுவில் நான் கண்ட பெரிய பலவீனம் இதுதான். மார்ச்சில் மறுத்தார்கள், இப்போது ஜூன். 'மூன்று மாதம் சும்மா இருந்தவருக்கு இன்று என்ன அவசரம்?' இதுதான் நீதிபதியின் முதல் கேள்வியாக இருக்கும். 'கேள்விப்பட்டேன்' என்பது அதற்குப் பதில் ஆகாது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்களைத் தேதிவாரியாக எழுதுங்கள். காத்திருந்ததற்குக் காரணம் பேச்சுவார்த்தை என்பது அதில் தெரியும். பிறகு ஜூனில் புதிதாக என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். இயந்திரத்தை லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர் உங்கள் ஓட்டுநர் என்றால், நாள், நேரம், வண்டி எண்ணோடு அவரே பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும்.

டைகள் பழைய இரும்பு வியாபாரிக்குப் போய்விடுமோ என்று மட்டும் பயப்படுகிறீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்துகள் இரண்டு உண்டு. ஷாப்புக்குக் கடன் கொடுத்த வங்கி இடத்தைக் கைப்பற்றினால், உங்கள் டைகளும் அவர்கள் சொத்துப் பட்டியலில் சேர்ந்துவிடலாம். அந்தக் கம்பெனி மீது திவால் மனு ஏற்கப்பட்டால் உடனே தடைக்காலம் தொடங்கும். அவர்கள் வசம் இருக்கும் உங்கள் பொருளை நீங்கள் மீட்பதைக்கூட அது தடுக்கும். வங்கி நோட்டீஸோ, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுவோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அவசரத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

பணம் வாங்கி ஈடுகட்ட முடியாத இழப்பு என்பதையும் காட்ட வேண்டும். புது டை செய்ய மாதக்கணக்காகும், அதன் பிறகு வாடிக்கையாளரின் பிபிஏபி ஒப்புதலும் வேண்டும் என்பதை உங்கள் டூல் ரூம் பொறுப்பாளர் எழுதித் தரட்டும். டை உங்களுடையது என்பதற்கு, ஒவ்வொரு டையிலும் பொறித்த சொத்து எண், அனுப்பியபோது போட்ட ஜாப் ஒர்க் டெலிவரி சலான், புகைப்படம் மூன்றும் பொருந்தும்படி ஒரு பட்டியல் போடுங்கள். எண் பொருந்தாத டையை அட்வகேட் கமிஷனர் தொடமாட்டார்.

கேட்க வேண்டியது இவ்வளவே: டைகளை விற்கவோ அகற்றவோ கூடாது என்ற தடை, அட்வகேட் கமிஷனர் போய்ப் பட்டியல் எடுப்பது, பிறகு டைகளை உங்களிடம் இடைக்காலமாக ஒப்படைப்பது. முதல் இரண்டும் எதிர்த்தரப்பைக் கேட்காமலே கிடைக்க வாய்ப்புண்டு. மூன்றாவதற்குப் பெரும்பாலும் அவர்களையும் கேட்பார்கள். பாக்கிக்காக டைகளைப் பிடித்து வைக்க உரிமை உண்டு என்று அவர்கள் வாதிடுவார்கள். உழைப்பைச் செலுத்திய பொருள் மீதுதான் அந்த உரிமை வரும், வேலைக்குப் பயன்படுத்திய கருவி மீது வராது என்பது நம் பதில். இருந்தாலும் அந்த 18 லட்சத்தைக் கோர்ட்டில் கட்டத் தயார் என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள். லைன் நின்றால் உங்களுக்கு ஆகும் நஷ்டத்தோடு பார்த்தால் அது சிறிய தொகை. பணத்தை நிறுத்தி வைத்ததை மட்டும் மறைக்காதீர்கள்; மறைத்தது தெரிந்தால் கிடைத்த தடையும் போய்விடும்.

உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷன் தொடங்கியாக வேண்டும். ஜூன் 14-ல் உத்தரவு வந்தால் செப்டம்பர் 12 கடைசி நாள். நோட்டீஸை நீங்கள் அனுப்பிய நாள் இதில் கணக்கில் வராது. அவர்கள் பெற்ற நாளில்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்கியதாகச் சட்டம் கொள்கிறது. அவர்கள் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கையில் வரும்வரை அந்தக் கோப்பை மூடாதீர்கள்.