செத்தல் மிளகாய்த்தூளும் கிருமியழிக்கும் கதிர்களும்

செத்தல் மிளகாயைத் தூளாக்கிப் பொதி செய்து விற்கும் கமக்காரர் சிலர், கிருமியழிக்கும் நீலநிற விளக்கொன்றை வாங்கிப் பொதிகளின் மேல் எரியவிட்டாற் போதுமா என வினவுகின்றனர். போதாது என்பதே விடை. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

கதிர் கிருமியைக் கொல்லும் விதம்

பற்றீரியாவாயினும் பூஞ்சணமாயினும், ஒவ்வொரு கலத்தினுள்ளும் டீ. என். ஏ. எனப்படும் நீண்ட இரட்டை இழை உண்டு. கலம் வாழ்வதற்கும் பெருகுவதற்கும் வேண்டிய கட்டளைகள் யாவும் அதிலேயே அடங்கியுள்ளன. அவ்விழை சிதைந்தால் கலம் பெருகமாட்டாது.

மேற்கூறிய விளக்கிலிருந்து வருவது கழியூதாக் கதிர். இதன் அலைநீளம் ஏறத்தாழ 254 நனோமீற்றர். இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் என்னும் இரு கூறுகளை இது ஒன்றோடொன்று ஒட்டச் செய்கின்றது. ஏணியில் அடுத்தடுத்த இரு படிகள் ஒட்டிக்கொண்டால் ஏறுவோன் தடைப்படுவதுபோல, இழையைப் படியெடுக்கும் வேலை அவ்விடத்தில் நின்றுவிடும். எனினும் இழை அறுவதில்லை. ஆகவே, சேதம் சிறிதாயின், பல பற்றீரியாக்கள் பகலொளியின் துணையுடன் ஒட்டை நீக்கி மீண்டும் பெருகக்கூடும்.

காமாக் கதிரோ இரு இழைகளையும் ஒருங்கே அறுத்துவிட வல்லது. கலத்திலுள்ள நீரையும் அது பிளக்கும்; அப்போது தோன்றும் வீரியமிக்க துகள்களும் இழையைத் தாக்கும். இவ்வாறு பலவிடங்களில் அறுந்த இழையைக் கிருமியாற் செப்பனிட முடிவதில்லை.

எவ்வளவு ஆழம் செல்லும்?

கழியூதாக் கதிர் தெளிந்த நீரில் ஓரளவு செல்லும்; கலங்கிய நீரில் விரைவில் மங்கிவிடும். சாதாரண யன்னற் கண்ணாடியே அதனைத் தடுத்துவிடும். மிளகாய்த்தூளிலோ மேற்பரப்பிற் கதிர் நேரே படும் துகள்களை மட்டுமே அது தொடும். ஒரு துகளின் நிழலிலுள்ள கிருமிகூடத் தப்பிவிடும். தூளின் உட்பகுதியைக் கதிர் எட்டுவதேயில்லை.

கோபாற்று-60 என்னும் பொருளிலிருந்து வரும் காமாக் கதிர் இதற்கு நேர்மாறானது. மூடிய பொதியையும் பெட்டியையும் ஊடுருவிச் செல்லும். எனினும் அதற்கும் எல்லையுண்டு. நீரில் ஏறத்தாழ 11 செ.மீ. சென்றதும் அதன் வலிமை பாதியாகும். மிளகாய்த்தூள், அதே கனவளவு நீரின் பாதி நிறையே உடையதெனக் கொண்டால், அதில் 22 செ.மீ. சென்றதும் வலிமை பாதியாகும்.

இனி, 44 செ.மீ. அகலமான பெட்டியொன்றில் தூள் நிரப்பப்பட்டுள்ளதென வைத்துக்கொள்வோம். ஒரு பக்கமாக மட்டும் கதிர் பாய்ச்சினால், முன்பக்கத்திற்கு 1 பங்கு கிடைக்கும்போது நடுவிற்கு அரைப் பங்கும், பின்பக்கத்திற்குக் காற் பங்குமே கிடைக்கும். பெட்டியைத் திருப்பி மறுபக்கமும் அதே நேரம் பாய்ச்சினால், இரு ஓரங்களும் ஒன்றேகாற் பங்கும், நடுப்பகுதி ஒரு பங்கும் பெறும். இதனாலேயே கதிர் நிலையங்களிற் பெட்டிகளை இருபுறமும் காட்டுகின்றனர். பெட்டி மேலும் அகலமாயின் நடுப்பகுதி குறைவாகவே பெறும். அங்கே கிருமி எஞ்சும்.

வாசனைத் திரவியங்களுக்கு வழக்கமாக 10 கிலோகிரே வரை பாய்ச்சப்படும். இது கிருமிகளைப் பெரிதும் குறைக்கும். ஆயினும் வலிய வித்திகள் சில எஞ்சலாம். மருத்துவக் கருவிகளை முற்றாகக் கிருமிநீக்குவதற்கு வழக்கமாக 25 கிலோகிரே பாய்ச்சப்படுகின்றது. கோபாற்றுக் கதிர் பட்டதனால் உணவு கதிர்வீசும் பொருளாக மாறுவதில்லை.

இக்கதிரைத் தடுக்கத் தடித்த கொங்கிறீற்றுச் சுவர் வேண்டும். ஆதலால் இது வீட்டிற் செய்யத்தக்கதன்று. பியகமவில் அணுசக்திச் சபையின் காமாக் கதிர் நிலையம் 2014 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பெற்றது.

கதிரால் ஆகாதவை

ஈரமான மிளகாயிற் பூஞ்சணம் வளர்ந்தால் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். கதிர் பூஞ்சணத்தைக் கொல்லும். ஆனால் அது முன்னரே விட்டுச்சென்ற நஞ்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும். நஞ்சு உயிரற்ற பொருள். அறுப்பதற்கு அதில் டீ. என். ஏ. இல்லை. எனவே பூஞ்சணம் பிடித்த மிளகாயைக் கதிரால் மீட்கலாமென எண்ணவேண்டாம்.

கதிர் பாய்ச்சிய பின் அதன் காவல் தொடர்வதுமில்லை. பொதியைத் திறந்தால் புதிய கிருமிகள் புகும். ஆகவே நன்றாக மூடிய பின்னரே கதிருக்கு அனுப்புதல் வேண்டும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. மிளகாயை நிலத்திற் பரப்பாது பாயிலோ மேடையிலோ இட்டு, குலுக்கும்போது விதைகள் கலகலவென ஒலிக்கும்வரை உலர்த்துக.
2. பூஞ்சணம் பிடித்த காய்களை அரைக்குமுன் பொறுக்கி அகற்றுக.
3. பெட்டியின் அகலத்தையும் நிறையையும் கதிர் நிலையத்தாரிடம் கேட்டறிந்த பின் பொதி செய்க.
4. விதைக்கென வைத்த மிளகாயை இவ்வளவு கதிருக்கு உட்படுத்தற்க. அதன் முளைக்கும் ஆற்றல் அழிந்துவிடும்.
5. கழியூதா விளக்கு எரியும்போது அதனை நேரே நோக்கற்க. கண்ணையும் தோலையும் அது புண்ணாக்கும்.