கைநாட்டு வைக்கும் முன்



எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம். அவரையும் வங்கியையும் அறிந்த ஒருவரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். நம்ம குழு ஊக்குநரே போதும். பொதுவாக செக் புக் தரமாட்டார்கள். பார்வையற்றவருக்கு அப்படி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லிவிட்டது.

நாங்கள் கவலைப்படுவது பணம் எடுக்கும் நேரத்தைப் பற்றித்தான். ஒரு அக்கா 2,000 ரூபாய் எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் எண் மட்டும் எழுதியிருக்கிறது. ரேகை வைத்த பிறகு முன்னால் ஒரு 1 சேர்த்தால் 12,000 ஆகிவிடும்! வெற்றுப் படிவத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். அதனால் தொகையை 'இரண்டாயிரம் மட்டும்' என்று எழுத்திலும் எழுதச் சொல்லுங்க. எழுதினவரை விட்டுட்டு வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. அப்புறம்தான் வங்கி அதிகாரி முன்னால் கைநாட்டு. பாஸ்புக்கில் பற்று பதிந்து, மீதி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்க.

படுக்கையில் இருப்பவர் வைக்கும் ரேகைக்கு, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பேரன் மட்டும் போய் நின்றால் போதாது.