விலை தவறிப் பதிவானால்: ஆர்டர் செய்தவர்களுக்கு எழுத வேண்டிய செய்தி

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக வீட்டிலிருந்தே விற்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். செக்கு நல்லெண்ணெய் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் கேன் 2,000 ரூபாய், 3 லிட்டர் கேன் 1,230 ரூபாய். புதிய விலைப்பட்டியல் போடும்போது 5 லிட்டருக்கு நேரே 1,230 என்று ஏறிவிட்டது. காலையில் பார்த்தால் 11 பேர் பணம் கட்டியிருக்கிறார்கள்.

1. செய்தி எழுதும் முன் விலையைத் திருத்துங்கள், அல்லது அந்தப் பொருளை 'ஸ்டாக் இல்லை' என்று மாற்றுங்கள். திருத்தும் முன் தவறான பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்த விலையைப் பார்த்துப் பணம் கட்டினார்கள் என்பதில் பின்னால் பேச்சு வராது.

2. அடுத்து அடக்க விலையைக் கணக்குப் பாருங்கள். எள், ஆட்டுக்கூலி, கேன் எல்லாம் சேர்த்து 5 லிட்டருக்கு 1,750 ஆகிறது என்றால், ஒரு கேனுக்கு நஷ்டம் 520 ரூபாய். இரண்டு பேர்தான் வாங்கியிருந்தால் 1,040 ரூபாயோடு போகும். பேசாமல் தவறிப் போட்ட விலைக்கே அனுப்பிவிடுவது நல்லது. 11 பேர் என்றால் 5,720 ரூபாய். சிறு வியாபாரத்துக்கு அது பெரிய அடி. அப்போதுதான் இந்தச் செய்தி தேவைப்படுகிறது. ஏற்கெனவே பார்சல் கிளம்பியவர்களிடம் மட்டும் கூடுதல் பணம் கேட்காதீர்கள். அந்த நஷ்டம் உங்களுடையது.

3. என்ன நடந்தது என்பதை ஒரே வரியில், நடந்தபடியே சொல்லுங்கள். கை தவறியதைத் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். எள் விலை ஏறிய கதையும் வேண்டாம். விலையை ஏற்றிவிட்டுச் சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

4. வாங்குபவர் தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் போதும். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நேற்று நீங்கள் ஆர்டர் செய்த 5 லிட்டர் நல்லெண்ணெய்க்கு, 3 லிட்டரின் விலையான ரூ. 1,230-ஐத் தவறுதலாகப் போட்டுவிட்டோம். சரியான விலை ரூ. 2,000. தவறு எங்களுடையது, மன்னிக்கவும். உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள்:
அ) கட்டிய பணம் முழுவதும், டெலிவரி கட்டணத்தோடு, திருப்பித் தருகிறோம்.
ஆ) கட்டிய பணத்துக்கு 3 லிட்டர் கேன் அனுப்புகிறோம்.
இ) 5 லிட்டரே வேண்டுமென்றால் எங்கள் அடக்க விலையான ரூ. 1,750-க்குத் தருகிறோம். இன்னும் ரூ. 520 கட்டினால் போதும்.
வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதில் போடாதவரின் பணம் நம்மிடம் தங்கக் கூடாது. அவருக்குத் தெரியாமல் 3 லிட்டரை அனுப்புவதும் நியாயமில்லை. மூன்றாவது வழியில் லாபம் வைக்காததற்கும் காரணம் உண்டு. 123 ரூபாய் என்று போட்டிருந்தால் பார்த்தவுடனே தவறு என்று தெரிந்திருக்கும். 1,230 நம்பக்கூடிய விலை. அதை நம்பி வேறு கடையில் வாங்காமல் காத்திருப்பவருக்கு நாம் ஏதாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

5. கேனில் ஒட்டியிருக்கும் எம்.ஆர்.பி.யைப் பாருங்கள். அதிலேயே 1,230 என்று அச்சாகியிருந்தால், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அப்போது மூன்றாவது வழியைச் செய்தியில் சேர்க்காதீர்கள்.

6. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். அவசரத்தில் குரூப் தொடங்கினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். புது வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது. வயதானவர்களை போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

7. பணம் திருப்பும் இடத்தில்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். 'ரீஃபண்ட்' என்று சொல்லி லிங்க் அனுப்பி ஏமாற்றுபவர்கள் ஏராளம். அதனால் "பணம் வர நீங்கள் பின் எண் போடவோ, கியூ.ஆர். ஸ்கேன் செய்யவோ, லிங்கைத் தொடவோ தேவையில்லை" என்று எழுதுங்கள். பணம் வந்த அதே யு.பி.ஐ. கணக்குக்கே திருப்பி அனுப்பி, பரிவர்த்தனை எண்ணையும் கொடுங்கள். பேமெண்ட் கேட்வே வழியாக வந்த பணம் திரும்பிச் சேரச் சில வேலைநாட்கள் ஆகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தினமும் போன் வராது.

8. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களுக்கு, சம்மதம் கிடைத்த பிறகே பார்சலை அனுப்புங்கள். வாசலில் நின்று டெலிவரிப் பையன் கூடுதல் தொகை கேட்டால் சண்டை அவன் தலையில்தான் விழும்.

9. பெரிய விற்பனைத் தளங்களில் கடை வைத்திருப்பவர்கள், மீதிப் பணத்தைத் தனியாக ஜிபே செய்யச் சொல்லாதீர்கள். அந்த ஆர்டரைத் தளத்திலேயே ரத்து செய்துவிட்டு, வேண்டுமென்பவரைச் சரியான விலையில் புதிதாக ஆர்டர் போடச் சொல்லுங்கள்.